மூன்றாவது கையெழுத்து இல்லாத அடமானப் பத்திரம்: கடன் கொடுத்தவர் செயல்முறை விதிகளை அறிந்தவராகக் கொள்ளப்படுவாரா?

கோத்தகிரி மாணவி எழுதியது:

வணக்கம். எங்கள் சட்டக் கல்லூரியில் கம்பெனிச் சட்டத் தாளுக்காகக் கொடுக்கப்பட்டிருக்கும் ஒரு சிக்கலை இங்கே முன்வைக்கிறேன். இரண்டு வாரமாக நண்பர்களோடு விவாதித்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

கோத்தகிரிக்கு அருகே சிறு தேயிலை விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி இருக்கிறது. அதன் செயல்முறை விதிகளில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. கம்பெனியின் சொத்தை அடமானம் வைக்கும் எந்தப் பத்திரத்திலும் நிர்வாக இயக்குநர், இன்னொரு இயக்குநர், செயலர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் வாங்க இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் போனால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். புதிய உலர்த்தும் இயந்திரம் வாங்குவதற்காக நிர்வாக இயக்குநர் குன்னூரில் ஒருவரிடம் 35 லட்சம் கடன் வாங்கித் தொழிற்சாலைக் கட்டடத்தை அடமானமாக எழுதிக் கொடுக்கிறார். பத்திரத்தில் அவரும் இன்னொரு இயக்குநரும் மட்டுமே கையெழுத்திட்டிருக்கிறார்கள். இயக்குநர் குழு கூடவேயில்லை. பணம் வந்தது, இயந்திரமும் வந்து ஓடுகிறது. தூள் விலை விழுந்ததும், அந்தப் பத்திரம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கம்பெனி மறுக்கிறது.

கடன் கொடுத்தவர் செயல்முறை விதிகளைக் கண்ணாலும் பார்த்ததில்லை. இவருக்கு என்ன வழி?

அரவேணு எழுதியது:

இதற்கு விடை எளிது. 1856ஆம் ஆண்டின் டர்குவாண்ட் வழக்கு முதல் நிலைத்து வருவது அகமேலாண்மைக் கோட்பாடு. கம்பெனிக்குள்ளே தீர்மானம் போட்டார்களா, யார் யார் கையெழுத்திட வேண்டும் என்பதையெல்லாம் துருவிப் பார்க்க வேண்டிய கடமை வெளியாளுக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவரைச் சட்டம் கைவிடாது. தீர்மானம் இல்லாததும் மூன்றாவது கையெழுத்து இல்லாததும் உள்வீட்டுக் குறைகள்தான். ஆகவே அடமானம் செல்லும் என்று எழுதுங்கள். நான் சென்ற ஆண்டு இப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது.

குன்னூர் செயலர் எழுதியது:

அரவேணு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தீர்மானத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. கையெழுத்தைப் பற்றிச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம் 1934இல் கோட்லா வெங்கடசாமி எதிர் சிந்தா ராமமூர்த்தி வழக்கில் சொன்னதற்கு நேர் எதிரானது. மாணவி கொடுத்திருக்கும் சிக்கல் ஏறக்குறைய அந்த வழக்கின் வார்ப்புதான். அங்கேயும் நிர்வாக இயக்குநர், செயலர், பணிபுரியும் இயக்குநர் ஆகிய மூவர் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருந்தது. அடமானப் பத்திரத்தில் செயலரும் பணிபுரியும் இயக்குநரும் மட்டுமே கையெழுத்திட்டிருந்தார்கள். கடன் கொடுத்தவரின் நல்லெண்ணத்தை நீதிமன்றம் ஐயப்படவில்லை, பணம் கம்பெனியின் காரியத்துக்கே செலவானதையும் மறுக்கவில்லை. இருந்தும் அடமானம் செல்லாது என்று தீர்த்தது. விதிகளை எடுத்துப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும் என்பதே காரணம்.

இரண்டு குறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடன் கொடுத்தவரின் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெளிவாகப் புரியும். அவர் முன்னால் இரண்டு காகிதங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகி யாரும் பார்க்கக்கூடிய செயல்முறை விதிகள், மற்றொன்று அடமானப் பத்திரம். விதிகள் மூன்று பேர் என்கின்றன, பத்திரத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கம்பெனிக்குள்ளே ஒரு அடி கூட எடுத்து வைக்காமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே குறை தெரிந்துவிடுகிறது. இது உள்வீட்டுக் குறை அன்று, வாசற்படியிலேயே கிடக்கும் குறை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 399ஆம் பிரிவு, யார் வேண்டுமானாலும் பதிவாளரிடமுள்ள ஆவணங்களைப் பார்க்கலாம் என்கிறது. பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் விட்டவர், பார்த்து அறிந்தவராகவே கொள்ளப்படுவார். கன்ஸ்ட்ரக்டிவ் நோட்டீஸ் என்பது இதைத்தான்.

இயக்குநர் குழுத் தீர்மானம் அப்படியல்ல. அது கம்பெனியின் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கும். 2015ஆம் ஆண்டு அறிவிக்கைக்குப் பிறகு பிரைவேட் கம்பெனி இத்தகைய குழுத் தீர்மானத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியதும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: கடன் வாங்குவது போன்றவற்றுக்காகப் பப்ளிக் கம்பெனிகள் தாக்கல் செய்யும் 179(3) பிரிவுக் குழுத் தீர்மானங்களைக் கூட வெளியாள் 399இன் கீழ் பார்க்க உரிமை இல்லை என்று 117ஆம் பிரிவே விலக்கு வைத்திருக்கிறது. பார்க்கவே வழியில்லாத ஒன்றை அறிந்ததாகக் கொள்ள முடியாது. ஆகவே தீர்மானம் நிறைவேறியிருக்கும் என்று கடன் கொடுத்தவர் எண்ணிக்கொள்ளலாம். டர்குவாண்ட் காப்பது இந்த இடத்தை மட்டும்தான்.

அதனால் ஒரே பத்திரத்தில் ஒரு குறை அவரைத் தாக்குகிறது, இன்னொரு குறை தாக்கவில்லை. விடைத்தாளில் இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிடாதீர்கள்.

எல்லநள்ளி விவசாயி எழுதியது:

அம்மணி, நான் சட்டம் படித்தவன் அல்லன். ஏழு தேயிலை விவசாயிகள் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கியிருக்கிறோம், நான் அதில் ஓர் இயக்குநர். கம்பெனி பதிவாகிச் சான்றிதழ் வந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது பதிவாளர் அலுவலகத்திலிருந்து, தொழில் தொடங்கும் அறிவிப்புப் படிவம் INC-20A ஏன் தாக்கல் ஆகவில்லை என்று கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் நோட்டீஸ் இதுதானா? இதற்குப் பதில் எழுதாவிட்டால் நாங்கள் அறிந்ததாகக் கொண்டுவிடுவார்களா? எங்களில் இரண்டு பேர் ஒப்புக்கொண்ட பங்குத்தொகையை இன்னும் செலுத்தவில்லை. இதற்கிடையில் வாடவைக்கும் ட்ரஃபுக்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் 12 லட்சம் கடனும் வாங்கிவிட்டோம்.

குன்னூர் செயலர் எழுதியது:

ஐயா, உங்களுக்கு வந்தது காரணம் கேட்கும் கடிதம், இந்த இழையில் பேசுவது அதைப் பற்றியன்று. இங்கே பேசப்படுவது, யாருக்கும் எதையும் அனுப்பாமலே ஒருவர் ஓர் ஆவணத்தைப் படித்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்வதைப் பற்றி. ஆனால் உங்கள் 12 லட்சம் இந்த இழைக்கு வேண்டிய செய்திதான், அதற்குக் கீழே வருகிறேன். முதலில் அந்த இருவரையும் பங்குத்தொகையைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லுங்கள். அது வராமல் INC-20A தாக்கல் செய்ய இயலாது, ஏனென்றால் கம்பெனியின் நோக்கங்களைச் சொல்லும் அமைப்பு முறையேட்டில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் தம் பங்குக்கான பணத்தைச் செலுத்திவிட்டார் என்பதுதான் அந்தப் படிவத்தில் இயக்குநர் செய்யும் உறுதிமொழி. பதிவான நாளிலிருந்து 180 நாள் கெடு. தாண்டினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் தண்டம், பொறுப்பான அதிகாரிகளுக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம் ஒரு லட்சம் வரை. தொழில் நடக்கவில்லை என்று பதிவாளர் நம்பக் காரணம் இருந்தால் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கையும் எடுக்கலாம்.

கோத்தகிரி மாணவி எழுதியது:

மிக்க நன்றி அம்மா. கையெழுத்துக்கும் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கியது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. இப்படி மூன்று கையெழுத்து கேட்கும் விதியை ஒரு சிறிய பிரைவேட் கம்பெனி ஏன் தனக்குத் தானே போட்டுக்கொள்கிறது? பதிவு செய்யும்போது இது எந்தக் கட்டத்தில் நுழைகிறது?

குன்னூர் செயலர் எழுதியது:

நல்ல கேள்வி. பாடநூல்கள் பதிவு நடைமுறையை ஓரிடத்திலும் இந்தக் கோட்பாட்டை வேறோரிடத்திலும் வைத்திருப்பதால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு மாணவர்களுக்குப் படுவதில்லை.

இப்போது பதிவு முழுவதும் SPICe+ என்ற இணையப் படிவத்தில் நடக்கிறது. முதல் பகுதியில் பெயர் ஒதுக்கப்படுகிறது, அது 20 நாள் நிற்கும். இரண்டாம் பகுதியில் இயக்குநர்கள், மூலதனம், பதிவு அலுவலகம் ஆகிய விவரங்களைக் கொடுத்து, அதோடு அமைப்பு முறையேட்டை INC-33 படிவத்திலும் செயல்முறை விதிகளை INC-34 படிவத்திலும் இணைக்க வேண்டும். கோவைப் பதிவாளரின் எல்லைக்குள் வரும் நம் நீலகிரிக் கம்பெனியின் விண்ணப்பத்தையும் மானேசரில் உள்ள மையப் பதிவகம்தான் பரிசீலிக்கிறது. சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து கம்பெனி தனி ஆளாகிறது.

INC-34ஐத் திறந்தால் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள எஃப் பட்டியலின் விதிகள் ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். இந்த விதி எங்களுக்குப் பொருந்தாது என்று ஒன்றில் குறியிடலாம், மாற்றியிருக்கிறோம் என்று மற்றொன்றில் குறியிட்டு மாற்று வாசகத்தை எழுதலாம். எதையும் தொடாமல் விட்டால் அட்டவணை விதியே உங்கள் விதி. அந்த எஃப் பட்டியலிலேயே முத்திரை பற்றி ஒரு விதி உண்டு. கம்பெனி முத்திரை பதிக்கும் பத்திரத்தில் இரண்டு இயக்குநர்களும், செயலர் அல்லது குழு நியமித்த வேறொருவரும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது அது. 2015 திருத்தத்துக்குப் பிறகு முத்திரையே கட்டாயமில்லை, முத்திரை வைத்துக்கொள்ளாத கம்பெனிக்கு அந்த விதி பொருந்துவதும் இல்லை. ஆனால் பழைய தோட்டக் கம்பெனிகளின் அச்சடித்த விதிப் புத்தகத்திலிருந்து முத்திரை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மூன்று கையெழுத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அந்த வாசகம் மாற்று விதியாக INC-34இல் ஏறுகிறது. பதிவான நிமிடம் முதல் அது 10ஆம் பிரிவின்படி கம்பெனியையும் உறுப்பினர்களையும் கட்டுகிறது, கடன் கொடுப்பவரும் அறிந்ததாகிவிடுகிறது.

இதில் இன்னொரு வினை இருக்கிறது. செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியை எட்டாத பிரைவேட் கம்பெனிக்கு முழுநேரச் செயலர் கட்டாயமில்லை. பெரும்பாலான சிறு கம்பெனிகளில் செயலரே கிடையாது. அங்கே செயலரின் கையெழுத்தைக் கேட்கும் விதியை வைத்துக்கொண்டு ஒரு பத்திரம் கூட முறைப்படி எழுத முடியாது. நான் பார்க்கும் விதிப் புத்தகங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அரவேணு எழுதியது:

கையெழுத்து விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன் அம்மா. கோட்லா வழக்கை நான் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கடன் 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், மூன்று பேரும் கையெழுத்திட்டுவிட்டார்கள், சிறப்புத் தீர்மானம் மட்டும் இல்லை. சிறப்புத் தீர்மானமும் கம்பெனிக்குள்ளே நடப்பதுதானே? அங்கே டர்குவாண்ட் காக்க வேண்டாமா?

உதகை வழக்குரைஞர் எழுதியது:

தம்பி, அங்கேதான் பல பேர் சறுக்குகிறார்கள். சிறப்புத் தீர்மானம் நிறைவேறுவது உள்ளே, ஆனால் அது உள்ளேயே தங்குவதில்லை. 117ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் MGT-14 படிவத்தில் பதிவாளரிடம் போக வேண்டும். போன பிறகு யாரும் பார்க்கலாம். பதிவேட்டில் இல்லையென்றால் தீர்மானம் இல்லை என்று வெளியாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே வாதம். சிறப்புத் தீர்மானம் பதிவாக வேண்டிய ஆவணம் என்பதால் அதன் இன்மையையும் அறிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு 1877இல் பிரிவி கவுன்சில் தீர்த்த இர்வின் வழக்கைக் காட்டுவது வழக்கம்.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, தேர்வில் அதைச் சுட்டிக்காட்டினால் நல்லது. மார்ச் 1ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. கடன் கொடுப்பவர் மார்ச் 10ஆம் தேதி பதிவேட்டைப் பார்க்கிறார், அங்கே எதுவும் இல்லை. இதை வைத்துத் தீர்மானமே இல்லை என்று அவர் அறிந்ததாகச் சொல்ல முடியுமா? முடியாது என்பது என் கருத்து. தீர்மானம் நிறைவேறியதாகக் கம்பெனி சான்றளித்த நகலைக் கொடுத்திருந்தால், அந்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் டர்குவாண்டைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடிக்கவும் முடியும்.

இன்னொரு விஷயத்தில் செயலர் அம்மாவோடு நான் உடன்படவில்லை. கோட்லா தீர்ப்பை இறுதி விடையாக மாணவர்கள் எழுதிவிடக் கூடாது. செயல்முறை விதிகளை எல்லோரும் அறிந்ததாகக் கொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 399ஆம் பிரிவு பார்க்கலாம் என்றுதான் சொல்கிறது. பார்க்கலாம் என்பதிலிருந்து பார்த்தாய் என்பதை நீதிமன்றங்கள்தாம் வருவித்தன, 1857இல் எர்னஸ்ட் எதிர் நிக்கல்ஸ் வழக்கிலிருந்து அது தொடங்குகிறது. அடமானம் போலச் சொத்தின் மீது ஏற்றப்பட்ட பொறுப்பு பதிவாகியிருந்தால் அச்சொத்தை வாங்குபவர் அதை அறிந்ததாகக் கொள்ளப்படுவார் என்று 80ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஓரிடத்தில் சொல்லி மற்றோரிடத்தில் சொல்லாமல் விட்டதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் அல்லவா? இந்தக் கோட்பாடு பிறந்த இங்கிலாந்திலேயே 1972ஆம் ஆண்டின் சட்டத்தால் இதன் பல்லைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். 2006 சட்டத்தின் 40ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு நடப்பவர் இயக்குநர்களின் அதிகார வரம்பை விசாரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்றே எழுதிவிட்டது.

குன்னூர் செயலர் எழுதியது:

80ஆம் பிரிவு பற்றிய உங்கள் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதை ஏற்றுக் கோட்லாவைத் தள்ளிவைத்த தீர்ப்பு எதையும் நம் மாநிலத்தில் நான் பார்க்கவில்லை. மேலும் 1934இல் ஒருவர் விதிகளைப் பார்க்க வேண்டுமானால் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். குன்னூர்க்காரருக்கு அது ஒரு பயணம். இன்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் கடையில் உட்கார்ந்தபடியே அந்தக் கம்பெனியின் ஆவணங்களைத் திறந்துவிடலாம். 35 லட்சம் கொடுப்பவர் 100 ரூபாய் செலவழிக்கவில்லை என்றால் நீதிமன்றம் அவர்மேல் முன்னைவிடக் கூடுதலாக இரங்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

உதகை வழக்குரைஞர் எழுதியது:

அதே தளத்தில் ஆவணத்தின் பக்கங்கள் தலைகீழாகவும் மங்கலாகவும் ஏற்றப்பட்டிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். படிக்கவே முடியாத ஆவணத்தையும் படித்ததாகக் கொள்வதா? இது நம் இருவருக்கும் நடுவே தீரப்போவதில்லை அம்மா. மாணவி இரண்டு பக்கத்தையும் எழுதட்டும்.

கடன் கொடுத்தவரின் கையில் மிஞ்சுவது என்ன என்பதைத்தான் இன்னும் யாரும் தொடவில்லை. அடமானம் விழுந்தால் பணமே போய்விட்டதாக அர்த்தமில்லை. இயந்திரம் தொழிற்சாலையில் ஓடுகிறது, கம்பெனி அதன் பயனை அனுபவிக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவில், இலவசமாகக் கொடுக்க எண்ணாமல் கொடுத்ததை ஏற்றுப் பயன் பெற்றவர் ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அவர் இப்போது பிணையம் ஏதும் இல்லாமல் கடன் கொடுத்தவர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். அடமானத்தின் பேரில் பணம் கேட்க 12 ஆண்டு காலவரம்பு இருந்தது, வெறும் பணத்துக்கு 3 ஆண்டுதான். அடமானத்தை நம்பி நான்கு வருடம் காத்திருந்துவிட்டு வழக்குக்கு வருபவரிடம், பத்திரத்தில் கையெழுத்து ஒன்று குறைகிறது என்று சொல்லும் நிலை வந்தால் அவருக்கு இரண்டும் இல்லை.

நான் அவருடைய வழக்குரைஞராக இருந்தால் வழக்குக்கு முன்பு கம்பெனியின் பங்குதாரர்களைத்தான் அணுகுவேன். செயல்முறை விதிகளை மீறி இயக்குநர்கள் செய்ததைப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏற்றுக்கொள்ள முடியும். அமைப்பு முறையேட்டின் நோக்கங்களைத் தாண்டிச் செய்திருந்தால் அது முடியாது. 1963இல் லட்சுமணசாமி முதலியார் வழக்கில் பங்குதாரர்கள் கூடித் தீர்மானித்தே கொடுத்த 2 லட்சம் ரூபாய் நன்கொடையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, ஏனென்றால் அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் நோக்கங்களுக்குள் அது வரவில்லை. நம் சிக்கலில் உலர்த்தும் இயந்திரம் தேயிலைக் கம்பெனியின் நோக்கத்துக்குள்தான் வருகிறது. ஆகவே பின்னேற்பு என்ற கதவு திறந்திருக்கிறது.

கோத்தகிரி மாணவி எழுதியது:

நான் பின்னேற்பைப் பற்றி எண்ணிப் பார்க்கவே இல்லை ஐயா, நன்றி. செயலர் அம்மா, கம்பெனிக்குச் செயலரே இல்லை என்ற நிலையைச் சிக்கலில் சேர்த்தால் விடை மாறுமா? இல்லாத ஒருவருடைய கையெழுத்து இல்லை என்று கம்பெனியே வாதாடுவது நியாயமாகுமா?

குன்னூர் செயலர் எழுதியது:

நியாயமாகாது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதே பதிவேட்டில் கம்பெனிக்குச் செயலர் நியமிக்கப்படவில்லை என்பதும் தெரியும். ஆகவே அறிந்ததாகக் கொள்ளும் வாதத்தைக் கம்பெனி அங்கேயும் நீட்டும்: நிறைவேற்றவே முடியாத விதி இருப்பதைக் கண்ட நீ, விதியைத் திருத்திவிட்டு வா என்று எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள். நடைமுறையில் அதுதான் வழி. 14ஆம் பிரிவின் கீழ் சிறப்புத் தீர்மானம் போட்டுச் செயலர் என்ற சொல்லுக்குப் பதிலாகக் குழு அதிகாரமளித்த ஒருவர் என்று திருத்திப் பதிவு செய்த பிறகே கடனை விடுவிப்பது. நேரடியாக இதைத் தீர்த்த வழக்கைக் காட்டி உங்களுக்கு விடை தர என்னால் இயலவில்லை, வாதமாகவே எழுதுங்கள்.

எல்லநள்ளி ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி. 10A பிரிவு, அந்த அறிவிப்பைத் தாக்கல் செய்யும் வரை கம்பெனி தொழில் தொடங்கவும் கடன் வாங்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தவும் கூடாது என்கிறது. நீங்கள் அதற்கு முன்பே 12 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள். மீறினால் தண்டம் என்று சட்டம் சொல்கிறதே தவிர, அந்தக் கடன் செல்லாது என்று சொல்லவில்லை.

எல்லநள்ளி விவசாயி எழுதியது:

அப்படியானால் கடன் கொடுத்தவர் எங்களிடம் கேட்கலாம்தானே? ஏமாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது நாளைக்கு எழுந்து நின்று சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

உதகை வழக்குரைஞர் எழுதியது:

ஐயா, உங்கள் கவலை வெறும் கவலையன்று. INC-20A தாக்கலானதா என்பதும் பதிவேட்டைப் பார்த்தால் தெரிகிற விஷயம்தான். ஆகவே கோட்லாவின் தர்க்கத்தை அப்படியே கொண்டுவந்து, தாக்கலாகாததைக் கடன் கொடுத்தவர் அறிந்ததாகக் கொள்ள வேண்டும் என்று ஒருவர் வாதாட இடமிருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, தொழில் தொடங்கும் உரிமை வருவதற்கு முன்பு செய்த ஒப்பந்தம் தற்காலிகமானது, உரிமை வந்த நாளில் அது கம்பெனியைக் கட்டும் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அந்தப் பிரிவு பிரைவேட் கம்பெனிகளுக்குப் பொருந்தவில்லை. இன்றைய 10A பிரைவேட் கம்பெனிகளுக்கும் பொருந்துகிறது, அந்த வாசகம் மட்டும் அதில் இல்லை. படிவம் தாக்கலானதும் பழைய கடன் தானாகச் செல்லத் தொடங்கும் என்பது செயலர் அம்மாவின் கருத்தாக இருக்கலாம். நான் அதை நம்பி இருக்க மாட்டேன். இருவரும் பணம் கட்டி INC-20A தாக்கலான பிறகு இயக்குநர் குழுவைக் கூட்டி, அந்த 12 லட்சத்தைக் கம்பெனி ஒப்புக்கொள்கிறது என்று தீர்மானம் போட்டு, கடன் கொடுத்தவருக்குப் புதிய தேதியில் புதிய பத்திரம் எழுதிக் கொடுங்கள்.

குன்னூர் செயலர் எழுதியது:

தானாகச் செல்லத் தொடங்கும் என்று நான் சொல்லவில்லை ஐயா, ஆனால் புதிய பத்திரம் எழுதுவதில் எனக்கும் உடன்பாடுதான். எழுதும் முன்பு உங்கள் INC-34ஐ எடுத்துப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்திட வேண்டும் என்று பார்த்துவிடுங்கள், எல்லநள்ளி ஐயா.